ஊசல் கணக்கில் g தப்பி வருகிறதா? தவறான விடையைக் கொண்டே பிழையைப் பிடிக்கலாம்

தனி ஊசல் சோதனையில் வீச்சு சிறியதாக இருந்தால் `T = 2π√(L/g)` போதும். வீச்சு கூடினால் அதைத் திருத்த ஒரு தொடர் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதில் முதல் ஒன்றிரண்டு உறுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடுகிறார்கள். வெட்டுவதில் தவறில்லை. ஆனால் வெட்டிய பிறகு விடை தப்பி வரும்போது, வெட்டியதால் தப்பியதா, வேறு எங்காவது கை பிசகியதா என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு பிசகும் விடையில் தனக்கென்று ஒரு அடையாளத்தை விட்டுச் செல்கிறது. அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவதுதான் இங்கே சொல்லப்படும் முறை.

முதலில் தொடரை எழுதிக்கொள்வோம். θ என்பது நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் விலகும் கோணம். அதுதான் வீச்சு.

```
T = T0 [1 + (1/4) sin²(θ/2) + (9/64) sin⁴(θ/2) + (25/256) sin⁶(θ/2) + ...]
T = T0 [1 + θ²/16 + 11θ⁴/3072 + ...]        (θ ரேடியனில்)
T0 = 2π√(L/g)
```

இரண்டும் ஒரே தொடர்தான். முதலாவது ஈருறுப்பு விரிவிலிருந்து நேரடியாக வருவது. அதில் இருக்கும் சைனை டெய்லர் தொடராகப் பிரித்தால் இரண்டாவது கிடைக்கும்.

சோதனைக்கு ஒரு மாதிரிக் கணக்கு

சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வகம் என்று வைத்துக்கொள்வோம். தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை 100.0 செ.மீ. எண்ணிய 20 அலைவுகளில் சராசரி வீச்சு 20°. அந்த 20 அலைவுகளுக்கும் சேர்த்து ஸ்டாப் வாட்ச் காட்டிய நேரம் 40.485 நொடி.

இதில் வர வேண்டிய g எவ்வளவு? இங்கேதான் பலர் முதலில் தடுமாறுகிறார்கள். 9.8 வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். சென்னை 13° வடக்கு அட்சரேகையில், கடல் மட்டத்தை ஒட்டி இருக்கிறது. அட்சரேகையை வைத்து g கணக்கிடும் பன்னாட்டு வாய்பாட்டில் போட்டால் 9.783 மீ/வி² வருகிறது. பாடநூலின் 9.8-ஐ விட இது 0.17% குறைவு. வீச்சை 10° என்று வைத்துத் திருத்தாமல் விட்டால் g-யில் வரும் பிழை 0.38%. இரண்டும் ஒரே அளவுத் தரம். எனவே 9.8-ஐ இலக்காக வைத்துக்கொண்டு திருத்தத்தின் சரி தவறைச் சோதிக்க முடியாது. 9.783-ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு இதில் பழைய தொடர்பு ஒன்று உண்டு. மதராஸ் வானோக்ககத்தின் ஜான் கோல்டிங்ஹாம் இங்கே ஊசலின் நீளத்தை அளந்த விவரம் 1822-ல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது.

அறிகுறி 1: g 9.63 அல்லது அதற்குக் கீழே வருகிறது

மேலே உள்ள மாதிரியில் T = 2.02425 நொடி. இதை அப்படியே `g = 4π²L/T²`-ல் போட்டால் 9.63 வரும். திருத்தமே செய்யவில்லை என்று பொருள். வீச்சு கூடினால் T கூடும். T கூடினால் g குறைவாகத் தெரியும். திசை சரியாகத்தான் இருக்கிறது.

இப்போது திருத்துகிறீர்கள். θ²/16 = 0.007615. விடை 9.71 என்று வந்தால், நீங்கள் 9.63-ஐ 1.007615-ஆல் ஒரு தடவை மட்டும் பெருக்கியிருக்கிறீர்கள். g-யில் T இருமடியாக இருக்கிறது என்பதை மறந்துவிட்டீர்கள். சரியான பெருக்கல் (1.007615)² = 1.01529. அதைப் போட்டால் 9.782 வரும்.

விடை 9.49 என்று வந்தால் திருத்தம் எதிர்த்திசையில் போயிருக்கிறது. T-யை வகுப்பதற்குப் பதிலாகப் பெருக்கியிருக்கிறீர்கள். அளந்த T ஏற்கெனவே நீண்டது. அதைச் சுருக்கித்தான் T0 எடுக்க வேண்டும். எனவே `T0 = T/(1 + θ²/16)`. ஒரு எளிய சோதனை: திருத்திய பிறகு g கூட வேண்டும். குறைந்தால் நிறுத்திவிட்டு இந்த வரியைப் பாருங்கள்.

அறிகுறி 2: g 10-ஐத் தாண்டிவிட்டது

10.2-க்குப் பக்கத்தில் ஏதாவது வந்தால், திருத்தம் இருக்க வேண்டியதைப் போல் நான்கு மடங்காகிவிட்டது. நான்கு மடங்கு என்றால் எங்கோ கோணம் இரட்டிப்பாகியிருக்கிறது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை அளந்த 40°-ஐ வீச்சாக எடுத்துக்கொண்டது. அப்போது மாதிரிக் கணக்கில் 10.23 வரும். மற்றொன்று, கோணம் 20° சரிதான், ஆனால் sin²(θ/2)-க்குப் பதிலாக sin²θ போட்டது. அப்போது 10.21 வரும். இரண்டாம் தசமத்தில் மட்டுமே வித்தியாசம் என்பதால் விடையை வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். நோட்டில் எழுதிய கோணத்தையும் வாய்பாட்டு வரியையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான பிசகும் நடக்கும். 20°-ஐ ஏற்கெனவே பாதியாக்கி 10° என்று எழுதிவிட்டு, வாய்பாட்டில் இன்னொரு முறை பாதியாக்குவது. திருத்தம் கால் பங்காகிவிடும். g 9.67-ல் நின்றுவிடும். திருத்தம் செய்தும் எண் அதிகம் நகரவில்லையே என்று தோன்றினால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அறிகுறி 3: g 11.1, அல்லது ஆயிரக்கணக்கில்

இது டிகிரிக்கும் ரேடியனுக்கும் நடந்த குழப்பம். θ²/16-ல் 20 என்று டிகிரியைப் போட்டால் 400/16 = 25 வரும்; g ஆறாயிரத்தைத் தாண்டும். இதைக் கவனிக்காமல் விடுவார் யாரும் இல்லை.

ஆபத்தானது 11.1. சைன் தொடரைப் பயன்படுத்துகிறீர்கள், கால்குலேட்டர் ரேடியன் நிலையில் இருக்கிறது, அல்லது நிரலில் `sin(20/2)` என்று எழுதியிருக்கிறீர்கள். கருவி 10-ஐ 10 ரேடியன் என்று எடுத்துக்கொள்ளும். அதன் சைன் −0.544. இருமடியாக்கியதும் குறை அடையாளம் மறைந்துவிடும், 0.296 என்ற பார்வைக்கு நியாயமான எண் கிடைக்கும். திருத்தம் 7.4% ஆகிவிடும். விடை கொஞ்சம் அதிகமாக மட்டும் தெரிவதால் நூலின் நீளத்தையும் நேரத்தையும் சந்தேகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

நினைவில் வைக்க ஒரு எண்: 10° வீச்சுக்குத் திருத்தம் 0.19%. 20°-க்கு நான்கு மடங்கு, 0.76%. 30°-க்கு ஒன்பது மடங்கு, 1.7%. இவற்றிலிருந்து விலகினால் கோணத்தின் அலகைப் பாருங்கள்.

அறிகுறி 4: இரண்டாம் உறுப்பைச் சேர்த்ததும் விடை இன்னும் கெட்டுப்போகிறது

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தொடரில் உறுப்புகள் கூடக்கூட விடை நெருங்கி வர வேண்டும். ஆனால் θ = 30°-க்குச் சிலருக்கு வருவது இது:

```
ஒரு உறுப்பு        1.017135
இரண்டு உறுப்பு     1.017795
உண்மை மதிப்பு      1.017409
```

ஒரு உறுப்போடு நின்றபோது 0.00027 குறைவு. இரண்டாவதைச் சேர்த்ததும் 0.00039 அதிகம். உடனே "30° பெரிய கோணம், தொடர் வேலை செய்யாது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது காரணம் அல்ல.

இந்தத் தொடரில் எல்லா உறுப்புகளும் கூட்டல்தான். கழித்தல் ஒன்றுகூட இல்லை. எனவே எங்கே வெட்டினாலும் கிடைக்கும் கூட்டுத்தொகை உண்மை மதிப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும். மேலே போய்விட்டால், வெட்டியதால் வந்த பிழை அல்ல. ஒரு கெழு தவறு. இந்த ஒரு விதியை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பாதி நேரம் மிச்சம்.

எந்தக் கெழு? சைன் தொடரின் இரண்டாம் உறுப்பு (9/64) sin⁴(θ/2). கோணம் சிறியதுதானே என்று sin(θ/2)-க்குப் பதில் θ/2 போட்டிருக்கிறார்கள். அது 9θ⁴/1024 ஆகும். பகுதியை ஒன்றாக்கினால் 27θ⁴/3072. வர வேண்டியதோ 11θ⁴/3072. குறைய வேண்டிய 16 எங்கே போயிற்று?

முதல் உறுப்பில் ஒளிந்திருக்கிறது. sin²(θ/2) என்பது θ²/4 மட்டும் அல்ல. அடுத்த படி வரை விரித்தால் θ²/4 − θ⁴/48. அதை நான்கால் வகுத்தால் θ²/16 − θ⁴/192. அந்த θ⁴/192 தான் 16θ⁴/3072. முதல் உறுப்பிலிருந்து கீழே வரும் இந்தக் கழித்தலை எடுத்து இரண்டாம் உறுப்போடு சேர்த்தால் 27 − 16 = 11. சரியான கெழுவைப் போட்டால் 30°-க்கு 1.017404 வரும். உண்மைக்கு 0.000005 மட்டுமே குறைவு; மேலே போகவில்லை.

பாடம் சுருக்கமானது. ஒரு தொடரின் உள்ளே இன்னொரு தொடரைச் செருகினால், θ⁴ வரை வேண்டும் என்றால் எல்லா இடத்திலும் θ⁴ வரை எடுக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் நான்காம் படி வரை போய், மற்ற இடத்தில் இரண்டாம் படியோடு நின்றால், சேர்த்த உறுப்பு உதவுவதற்குப் பதில் கெடுக்கும்.

அறிகுறி 5: இரண்டு பேரும் ஒரே ஒரு உறுப்புதான் எடுத்தோம், விடை ஒத்துவரவில்லை

30°-க்கு ஒருவர் θ²/16 போட்டு 1.017135 எழுதுகிறார். பக்கத்து மேசையில் இருப்பவர் (1/4) sin²(θ/2) போட்டு 1.016747 எழுதுகிறார். இரண்டு பேரும் சரி. இருவரும் வெவ்வேறு இடத்தில் வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். முன்னவர் விட்டது ஏறக்குறைய 11θ⁴/3072. பின்னவர் விட்டது ஏறக்குறைய 27θ⁴/3072. ஒரே ஒரு உறுப்போடு நிற்பதாக இருந்தால் θ²/16 தான் நல்லது. பிழை இரண்டரை மடங்கு குறைவு. ஆனால் சைன் தொடருக்கு வேறொரு பெரிய பலன் இருக்கிறது. அடுத்ததில் பார்ப்போம்.

அறிகுறி 6: பிழை எவ்வளவு என்று எழுதினேன், உண்மையான பிழை அதைத் தாண்டிவிட்டது

"விட்ட முதல் உறுப்பை விடப் பிழை குறைவாகத்தான் இருக்கும்" என்ற விதியை நம்பியதால் வரும் கோளாறு இது. அந்த விதி கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வரும் தொடருக்கு உரியது. சைன், கொசைன் தொடர்களில் பழகிப்போனதால் கை தானாக அதை எழுதிவிடுகிறது. நம் தொடரில் எல்லாம் கூட்டல். எனவே இங்கே நிலைமை தலைகீழ்: பிழை விட்ட முதல் உறுப்பை விட எப்போதும் அதிகம்.

எவ்வளவு அதிகம் என்பதற்கும் எல்லை கட்டலாம். சைன் தொடரின் கெழுக்கள் 1/4, 9/64, 25/256 என்று இறங்கிக்கொண்டே போகின்றன. விட்டவற்றின் கெழுக்கள் எல்லாவற்றையும் விட்ட முதல் கெழுவுக்குச் சமம் என்று கூட்டி எடுத்துக்கொண்டால், மீதி ஒரு பெருக்குத் தொடராகிவிடும். அதன் கூட்டுத்தொகை தெரிந்ததே. ஆகவே

```
விட்ட முதல் உறுப்பு  <  பிழை  <  விட்ட முதல் உறுப்பு / cos²(θ/2)
```

60°-க்குப் போட்டுப் பார்ப்போம். sin²30° = 0.25. முதல் இரண்டு திருத்த உறுப்புகளோடு கூட்டுத்தொகை 1.07129. விட்ட முதல் உறுப்பு 0.00153. cos²30° = 0.75 என்பதால் மேல் எல்லை 0.00203. உண்மை மதிப்பு 1.07318, பிழை 0.00189. இரண்டுக்கும் நடுவில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. சிறு கோணங்களில் cos² கிட்டத்தட்ட 1 என்பதால், விட்ட முதல் உறுப்பையே பிழை என்று எழுதிவிடலாம். "அதை விடக் குறைவு" என்று மட்டும் எழுதாதீர்கள்.

உண்மை மதிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தொடரே வேண்டாம். கூட்டுச் சராசரியையும் பெருக்குச் சராசரியையும் மாறி மாறி எடுக்கும் காஸின் முறை ஒன்று இருக்கிறது. கையில் இருக்கும் கால்குலேட்டரிலேயே முடியும். 20°-க்குச் செய்து பார்ப்போம். 1-ஐயும் cos10° = 0.984808-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுச் சராசரி 0.992404. பெருக்குச் சராசரி, அதாவது பெருக்கி வர்க்கமூலம், 0.992375. இவை இரண்டின் சராசரி 0.992389. 1-ஐ இதனால் வகுத்தால் 1.007669. அவ்வளவுதான், இரண்டே சுற்றில் ஆறு தசமம். கணினியில் வேண்டுமானால்:

```python
from math import radians, sin, cos, sqrt
t = radians(20)
a, b = 1.0, cos(t/2)
for _ in range(5):
    a, b = (a + b)/2, sqrt(a*b)
print(1/a, 1 + t**2/16, 1 + sin(t/2)**2/4)
```

இது 1.007669, 1.007615, 1.007538 என்று தொடங்கும் மூன்று எண்களைத் தர வேண்டும். `radians`-ஐ விட்டுவிட்டால் cos(10) குறை எண்ணாகிவிடும்; வர்க்கமூலம் எடுக்க முடியாமல் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அறிகுறி 3-க்குத் திரும்புங்கள்.

சார்பியல் இயக்க ஆற்றலுக்கும் இதே (1−x) அடுக்கு −1/2 விரிவுதான், அங்கேயும் எல்லாம் கூட்டல்தான். ஆனால் ஒரு பொறி உண்டு. வேகம் ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது β = 0.1 என்றால், γ = 1/√(1−β²)-ன் விரிவில் விட்ட உறுப்பு (3/8)β⁴ = 0.0000375, மிகச் சிறியது. இயக்க ஆற்றலோ γ-விலிருந்து 1-ஐக் கழித்த பிறகு மிஞ்சும் 0.005-ஐப் பொறுத்தது. அதோடு ஒப்பிட்டால் பிழை 0.75%. ஊசலில் அந்த 1 கழியாமல் உடன் நிற்கிறது, ஆற்றலில் கழிந்துவிடுகிறது. சதவீதம் எழுதும் முன் எதன் சதவீதம் என்று பாருங்கள்.

அறிகுறி 7: sinθ ≈ θ-வில் 2% பிழை, ஆனால் T-யில் 0.77% தான் வருகிறது

கோளாறு எதுவும் இல்லை, எதிர்பார்ப்புதான் தவறு. 20°-க்கு sinθ-வும் θ-வும் 2% வேறுபடும். அது θ²/6. T-யில் வருவது θ²/16. நடுவில் இரண்டு காரணங்கள். அந்த 2% குண்டு கோடியில் இருக்கும்போது மட்டும். நடுவில் வரும்போது வித்தியாசம் மறைந்துவிடும். ஒரு முழு அலைவுக்குச் சராசரி எடுத்தால் முக்கால் பங்கு மிஞ்சுகிறது. மேலும் T மீட்பு விசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் இன்னொரு பாதி. 1/6 × 3/4 × 1/2 = 1/16.

அறிகுறி 8: வரைபடத்தில் g அதிகமாக வருகிறது

எல்லாவற்றிலும் இதுதான் ஆளை ஏமாற்றும். வீச்சு கூடினால் g குறைவாகத்தான் வர வேண்டும் என்று மேலே பார்த்தோம். ஆனால் L-ஐ மாற்றி மாற்றி எடுத்து T²–L வரைபடத்தின் சாய்விலிருந்து g கண்டால் 9.88 வருகிறது. கூடவே நேர்கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல் கொஞ்சம் மேலே வெட்டுகிறது. குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்ததாக முடிவு கட்டி ரெக்கார்டில் எழுதிவிடுகிறார்கள்.

நடந்தது வேறு. ஒவ்வொரு நீளத்துக்கும் குண்டைப் பக்கவாட்டில் ஒரே தூரம், உதாரணமாக 20 செ.மீ., இழுத்துவிட்டிருக்கிறார்கள். நூல் 100 செ.மீ. இருக்கும்போது அது 11.5° தான். நூல் 50 செ.மீ. ஆனதும் அதே 20 செ.மீ. 23.6° ஆகிவிடும். இழுத்த தூரம் a என்றால், θ ≈ a/L. T² இருமடி என்பதால் திருத்தம் θ²/8 ஆகிறது:

```
T² ≈ (4π²/g) (L + a²/(8L))
```

100 செ.மீ. நூல் 100.5 செ.மீ. போல நடந்துகொள்கிறது. 50 செ.மீ. நூல் 51 செ.மீ. போல. இரண்டுக்கும் இடையே 50 செ.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 49.5 தான் தெரிகிறது. சாய்வு 1% குறைந்து g 1% கூடிவிட்டது. ஒவ்வொரு T-யும் நீண்டிருந்தும், குட்டை நூலின் T கூடுதலாக நீண்டதால் சாய்வு தாழ்ந்துவிட்டது.

ஆரத்தை விட்ட தவறையும் இதையும் பிரிப்பது எளிது. ஆரத்தை விட்டால் எல்லா நீளத்துக்கும் ஒரே அளவு கூடும். கோடு நேராகவே இருக்கும். சாய்வு மாறாது, g சரியாக வரும். இங்கே சாய்வே மாறியிருக்கிறது. குட்டை நூல் பக்கத்துப் புள்ளிகள் மட்டும் மேல்நோக்கி வளையும். தீர்வு: ஒவ்வொரு நீளத்திலும் ஒரே கோணம் வருமாறு இழுங்கள், அல்லது ஒவ்வொரு T-யையும் அதற்குரிய θ-வால் தனித்தனியாகத் திருத்திய பிறகு படத்தில் குறியுங்கள். ஒரே கோணம் வைத்துத் திருத்தாமல் விட்டாலும் கோடு அழகாக நேராக வரும். ஆனால் சாய்வு முழுவதும் ஒரே சதவீதம் தப்பியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அறிகுறி 9: நிறைய அலைவுகள் எண்ணியபோது திருத்தம் அதிகமாகிவிடுகிறது

10°-ல் தொடங்கி 6°-ல் முடிந்திருந்தால், திருத்தத்தை 10°-க்குப் போடக்கூடாது. θ² தான் கணக்கில் வருவதால் θ²-ன் சராசரி வேண்டும். வீச்சு சீரான விகிதத்தில் தேய்கிறது என்று கொண்டால் அது (θ₁² − θ₂²)/(2 ln(θ₁/θ₂)). இங்கே 62.6, அதாவது 7.9°. திருத்தம் 0.19% இல்லை, 0.12%. தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுத்து 8° என்று எடுத்தாலும் வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல. முடிவுக் கோணத்தைக் குறித்துக்கொள்வதுதான் முக்கியம். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். காற்றில் குண்டு நீள்வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தால் இந்த வாய்பாடு எதுவும் பொருந்தாது.

எத்தனை உறுப்பு வரை போக வேண்டும்?

20 அலைவுகளுக்கு 40 நொடி. கையால் ஸ்டாப் வாட்ச் அழுத்தும்போது 0.1 முதல் 0.2 நொடி வரை பிசகும். 10° வீச்சின் மொத்தத் திருத்தமே 20 அலைவுகளுக்கு 0.077 நொடிதான், கைக்குத் தெரியாது. 20°-ல் 0.31 நொடி, தெரியும். எனவே 20°-ல் முதல் உறுப்பு கட்டாயம் வேண்டும்.

இரண்டாம் உறுப்பு? 20°-ல் அது 0.005%. 1.5 செ.மீ. ஆரமுள்ள குண்டைப் புள்ளியாக எடுத்துக்கொண்டதால் வரும் பிழையும் T-யில் ஏறக்குறைய 0.0045% தான். பித்தளைக் குண்டைக் காற்று மேலே தாங்குவதால் வருவது 0.007%. இவற்றை விட்டுவிட்டு இரண்டாம் உறுப்பை மட்டும் சேர்ப்பதில் பொருள் இல்லை.

அதை விடப் பெரியது கோணத்தை அளப்பதில் இருக்கிறது. கோணமானியைப் பிடித்து 20° என்று படித்ததில் 1° பிசகினால், முதல் உறுப்பு 0.076% மாறும். விட்ட இரண்டாம் உறுப்பைப் போல் 14 மடங்கு. 1° துல்லியத்தோடு கோணம் அளப்பவருக்கு வீச்சு 48°-ஐ எட்டும் வரை இரண்டாம் உறுப்பு தேவைப்படாது. அந்த உழைப்பை அளப்பதில் போடலாம். கோணமானியை வைத்துவிட்டு, மீட்டர் ஸ்கேலைக் கிடையாக நிறுத்தி, குண்டின் மையம் பக்கவாட்டில் எவ்வளவு விலகுகிறது என்று படியுங்கள். 100 செ.மீ. நூலில் 20° என்பது 34.2 செ.மீ. அரை செ.மீ. தவறினாலும் கோணத்தில் 0.3° தான் பிசகும்.